மூன்று வருடமாக ஃப்ரீகேடில் பைப் வளைக்கிறேன்: மடிப்பு வருவது எங்கே?

தள்ளுவண்டிக் கைப்பிடி, படிக்கட்டுக் கைப்பிடி, மேசைக்கால் என்று ஃப்ரீகேட் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில் நான் வரைவதில் பாதி வளைந்த பைப்தான். ஒரு பாதையை வரைந்து, அதன் ஒரு முனையில் வட்டத்தை வைத்து இழுத்தால் பைப் வந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் சப்பிப்போன உறிஞ்சுகுழல் மாதிரி இருந்தது. மூலையில் சுருக்கம், உள்வளைவில் மடிப்பு. `Additive Pipe` கருவியைத்தான் முதலில் திட்டினேன். தவறு பெரும்பாலும் பாதையில் இருந்தது.

கூர்மூலை உள்ள பாதையில் பைப் மடியத்தான் செய்யும். இது புரிந்ததும் நான் செய்த முட்டாள்தனம், மூலையே வேண்டாம் என்று எல்லாவற்றையும் பி-ஸ்ப்லைன் என்ற நெளிகோட்டில் வரைந்தது. திரையில் வெண்ணெய் மாதிரி வழவழப்பு. பட்டறைக்கு அனுப்பினேன், “சார், இதுக்கு எந்த டையில வளைக்கறது?” என்று திருப்பி அனுப்பினார்கள். கேள்வி நியாயமானது. ஸ்ப்லைனில் ஆரம் ஒவ்வொரு புள்ளியிலும் மாறும். பட்டறையில் இருப்பதோ ஒரே ஆரமுள்ள டை, அதாவது பைப்பை வளைக்கும் அச்சு. அவர்கள் செய்யும் பைப் நேர்த்துண்டும் வட்டவில்லும் மாறி மாறி வருவதுதான். பாதையையும் அப்படியே வரைந்தால் மடிப்பும் இல்லை, சண்டையும் இல்லை.

ஒரு கைப்பிடியையே சொல்கிறேன். வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ., மையக்கோட்டில் வளைவு ஆரம் 75. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் பாதியை மட்டும் வரைவேன். `Draft Wire` கருவியில் நான்கு புள்ளிகள்:

```
0, 0, 0
0, 0, 700
0, 200, 900
250, 200, 900
```

நேராக மேலே, பின் 45 டிகிரி சாய்ந்து, பின் 90 டிகிரி பக்கவாட்டில். ஒவ்வொரு புள்ளியையும் முந்தைய புள்ளியிலிருந்து அளக்கும் `Relative` குறி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதை மறந்து வானத்தில் பைப் போட்ட நாள்கள் உண்டு. பிறகு `Fillet Radius` இடத்தில் 75.

இங்கே ஒரு கணக்கு. ஒவ்வொரு வளைவும் இருபுறமும் நேர்த்துண்டைத் தின்னும்: ஆரம் × tan(கோணம்/2). 45 டிகிரிக்கு 31 மி.மீ., 90 டிகிரிக்கு 75. நடுத்துண்டு இரண்டுக்கும் சேர்த்து 106 கொடுக்க வேண்டும். அதன் நீளம் 283, தாராளம். துண்டு சின்னதாக இருந்தால் இரண்டு வளைவுகளுக்கும் இடம் போதாது. இன்னொரு எல்லை, மையக்கோட்டு ஆரம் பைப்பின் பாதி விட்டத்தைவிட, அதாவது இங்கே 12.5-ஐவிட, அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் தன்னையே வெட்டும். `Check Geometry` ஓட்டினால் அது தெரியக்கூடும்.

அடுத்து குறுக்குவெட்டின் ஸ்கெட்ச். பாதையின் தொடக்கத்துக்குச் செங்குத்தாக நிற்க `NormalToEdge` முறையில் ஒட்டவைத்து, ஒரே மையத்தில் 25, 21 விட்டத்தில் இரண்டு வட்டம். கண்ணளவில் வைக்காதீர்கள். சற்றே சாய்ந்தாலும் பைப் வட்டமாக வராது. கண்டுபிடிக்க எளிய வழி, கன அளவைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுப்பது. மையக்கோட்டு நீளம் வர வேண்டும். இந்தக் கைப்பிடியில் பரப்பு 144.5 ச.மி.மீ.; பாதி நீளம் 1,197 மி.மீ. விடை இதைவிடக் குறைந்தால் ஸ்கெட்ச் சாய்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவேன்.

```
App.ActiveDocument.Body.Shape.Volume / 144.5
```

கடைசியில் x = 250 தளத்தில் பிரதிபலிப்பு. அந்த முனையில் பாதை தளத்துக்குச் செங்குத்தாக நிற்பதால் நடுவில் தழும்பு விழாது.

வட்டம் வரை எல்லாம் சுகம். ஒருமுறை வாடிக்கையாளர் கைக்கு வசதியாக நீள்வட்டப் பைப் கேட்டார். கீழே நீள அச்சை x திசையில் வைத்து, வழக்கமான `Standard` முறையில் இழுத்தேன். பிடிக்கும் இடத்தில் அது கிடையாக இல்லாமல் 45 டிகிரி சரிந்து நின்றது. `Frenet` முறைக்கு மாற்றினால் இன்னும் மோசம். அது வளைவின் உள்பக்கத்தைப் பார்த்துத் திசை குறிக்கும் முறை. நேர்த்துண்டுக்கு உள்பக்கம் ஏது? முதல் வளைவின் உள்பக்கமும் இரண்டாவதின் உள்பக்கமும் 90 டிகிரி விலகியிருக்கின்றன, நடுவில் முறுக்கு விழ அதுவே போதும்.

அரைநாள் போராடிய பிறகுதான் உறைத்தது, `Standard` முறை சொன்னதே சரி. நிஜப் பைப்பையும் முறுக்காமல் வளைத்தால், இரண்டாவது வளைவு x திசையில் இருந்த அச்சைச் சாய்ந்த நடுத்துண்டின் திசைக்கே கொண்டுபோகும். `Auxiliary` முறையில் துணைப்பாதை கொடுத்துத் திரையில் நேராக்கிவிடலாம். ஆனால் அது முறுக்கிய பைப், பட்டறையில் அதைச் செய்ய ஆள் இல்லை. கடைசியில் வட்டப் பைப்பே போட்டு, பிடிக்கும் இடத்தில் மட்டும் நீள்வட்ட ரப்பர் உறை மாட்டினோம்.