ஒரே கண்ட்ரோல் சார்ட், மூன்று விதமான வாசிப்பு: எதை நம்பி மெஷினை நிறுத்துவது?

மெஷினிலிருந்து அவ்வப்போது பீஸ் எடுத்து அளந்து கண்ட்ரோல் சார்ட்டில் புள்ளி வைப்பது எளிது, வைத்த புள்ளியைப் பார்த்து "இது வழக்கமான ஆட்டம்தானா, இல்லை ஏதோ நிஜமாகவே நகர்ந்துவிட்டதா" என்று சொல்வதில்தான் சண்டை வருகிறது. சிக்மா என்பது புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு. ஒரு கட்சி மூன்று சிக்மா எல்லையைத் தாண்டினால் மட்டும் போய்ப் பார்க்கும். இன்னொரு கட்சி 1956-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கையேட்டில் வந்த நான்கு விதிகளையும் போடும். மூன்றாவது, பழைய புள்ளிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கும் ஈடபிள்யூஎம்ஏ. மூன்றையும் ஒரே டேட்டாவில் ஓட்டிப் பார்த்துவிடுவோம்.

லேத்தில் 20.000 மி.மீ. விட்டத்துக்கு ஒரு ஷாஃப்ட் கடைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து வந்த நான்கு பீஸை அளந்து, சராசரியைச் சார்ட்டில் வைக்கிறோம். நல்லபடியாக ஓடிய காலத்தில் நான்கு பீஸுக்குள் இருந்த வீச்சு, அதாவது பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம், சராசரியாக 16.5 மைக்ரான். நான்கு பீஸுக்கான மாறிலி 0.729-ஆல் பெருக்கினால் 12 மைக்ரான். ஆக எல்லைகள் 20.000-க்கு மேலும் கீழும் 12 மைக்ரான், சராசரியின் ஒரு சிக்மா 4 மைக்ரான். இந்த எல்லைக்கும் டிராயிங்கில் உள்ள டாலரன்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. அது வாடிக்கையாளர் கேட்பது, இது மெஷின் தானாகச் செய்வது.

20.000-இலிருந்து விலகல், மைக்ரானில்:

```
1-10 : +2 -3 +5 -1 -6 +1 +4 -2 -4 +3
11-19: +6 +3 +9 +2 +5 +1 +7 +5 +10
```

11-ஆவது சாம்பிளுக்கு முன்னால் இன்சர்ட், அதாவது டூலின் வெட்டும் முனை, மாற்றினார்கள், புதியது உட்கார்ந்ததில் விட்டம் 4 மைக்ரான் ஏறிவிட்டது. இது நமக்குத் தெரியும், சார்ட் பார்ப்பவருக்குத் தெரியாது.

முதலில் மூன்று சிக்மா மட்டும். பத்தொன்பது புள்ளியில் ஒன்றுகூட 12-ஐத் தொடவில்லை, ஆகவே இந்த வாசிப்பின்படி எல்லாம் சுகம். இது துரதிர்ஷ்டம் இல்லை, இந்த முறையின் குணமே அதுதான். ஒரு சிக்மா அளவுக்கு நகர்ந்த நகர்வைப் பிடிக்க இதற்குச் சராசரியாக 44 சாம்பிள் வேண்டும், நம் கணக்கில் 22 மணி நேரம். அதே நகர்வு மூன்று சிக்மா அளவுக்குப் பெரிதாக இருந்தால் இரண்டே சாம்பிளில் பிடித்துவிடும். ஸ்டாப்பர் உடைந்தது, தப்பான மெட்டீரியல் ஏறியது போன்ற பெரிய விஷயங்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. மெஷின் நன்றாக இருக்கும்போது இது பொய்யாகக் கூவுவது சராசரியாக 370 சாம்பிளுக்கு ஒருமுறைதான்.

அடுத்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விதிகள். மூன்று சிக்மா போக இன்னும் மூன்று: மூன்றில் இரண்டு புள்ளி ஒரே பக்கம் இரண்டு சிக்மாவுக்கு வெளியே, ஐந்தில் நான்கு ஒரே பக்கம் ஒரு சிக்மாவுக்கு வெளியே, தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டின் ஒரே பக்கம். எண்ணிப் பாருங்கள்: 10-ஆவது புள்ளியிலிருந்து எல்லாமே மேலே, 17-ஆவதில் எட்டு ஆகிவிடுகிறது, சிக்னல். மாற்றம் நடந்து ஏழே சாம்பிள். 15 முதல் 19 வரையுள்ள ஐந்தில் நான்கு 4 மைக்ரானுக்கு மேல் இருப்பதால் 19-இல் அந்த விதியும் சேர்ந்துகொள்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது, ஓட்டம் 10-இல் தொடங்குகிறது என்பதற்காக 10-ஆவது சாம்பிள் நேரத்தில் என்ன நடந்தது என்று லாக் புக்கைத் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. 10-ஆவது புள்ளி சும்மா தற்செயலாக மேலே விழுந்தது, அதனால் முன்பின் இரண்டு மூன்று சாம்பிளையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

நான்கு விதியும் போட்டால் ஒரு சிக்மா நகர்வு சராசரியாக 9 சாம்பிளில் பிடிபடும். கேட்க இனிக்கிறது. ஆனால் எதுவுமே நடக்காதபோதும் 92 சாம்பிளுக்கு ஒருமுறை பொய் மணி அடிக்கும், அதாவது 46 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு சார்ட் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், பத்து மெஷினுக்குப் பத்து சார்ட் தொங்கும் இடத்தில் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு பொய் அலாரம். அப்புறம் ஆபரேட்டர் இரண்டில் ஒன்று செய்வார்: கண்டுகொள்ள மாட்டார், அல்லது ஒவ்வொரு அலாரத்துக்கும் டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் ஆப்செட்டைத் திருகுவார். இரண்டாவதுதான் மோசம். சரியாக ஓடும் மெஷினில் ஒவ்வொரு புள்ளியின் விலகலுக்கும் அதே அளவு எதிர்ப்பக்கம் திருத்திக்கொண்டே போனால், சராசரிகளின் சிதறல் குறையாது, சிக்மா கிட்டத்தட்ட 1.4 மடங்காக ஏறும்.

சரி, ஈடபிள்யூஎம்ஏ. புதிய புள்ளி x-க்கு 0.2 எடை, பழைய மொத்தம் z-க்கு 0.8, தொடக்கத்தில் z பூஜ்யம்:

```
z = 0.2*x + 0.8*z
```

0.2 எடைக்கு இதன் மூன்று சிக்மா எல்லை 12 அல்ல, அதில் மூன்றில் ஒரு பங்கு, 4.0. நம் டேட்டாவில் 10-ஆவது சாம்பிள் முடியும்போது z கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு 1.1, 1.5, 3.0 என்று ஏறி, 18-இல் 3.9 என்று விளிம்பில் நிற்கிறது, 19-இல் 5.1, சிக்னல். எட்டுப் புள்ளி விதியைவிட இரண்டு சாம்பிள் தாமதம். ஆனால் அந்த வெற்றியில் 10-ஆவது புள்ளியின் தற்செயலுக்குப் பங்கு உண்டு, அது கீழே விழுந்திருந்தால் எட்டுப் புள்ளி விதி 18-இல்தான் கூவியிருக்கும். சராசரியாகப் பார்த்தால் ஒரு சிக்மா நகர்வுக்கு ஈடபிள்யூஎம்ஏ சுமார் 11 சாம்பிள் எடுக்கும், பொய் அலாரமோ 500 சாம்பிளுக்கு மேல் ஒருமுறை. நான்கு விதிகளுக்கு இணையான வேகம், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொல்லை. குறை என்னவென்றால் பெரிய நகர்வில் தடுமாறும், அதனால் மூன்று சிக்மா சார்ட்டை எடுத்துவிடக் கூடாது. இன்னொன்று, z-ஐப் பார்த்து மெஷினில் என்ன நடக்கிறது என்று கண்ணால் புரிந்துகொள்வது கடினம்.

என் கட்சி இது. கையால் சார்ட் போடும் இடத்தில் மூன்று சிக்மாவும் எட்டுப் புள்ளி விதியும் போதும், இந்த ஜோடி சுமார் 150 சாம்பிளுக்கு ஒருமுறைதான் பொய் சொல்லும், மற்ற இரண்டு விதிகளை விட்டுவிடலாம். கணினியில் ஓடும் இடத்தில், 4 மைக்ரான்கூடப் பணத்தைத் தின்னும் வேலையில், மூன்று சிக்மாவோடு ஈடபிள்யூஎம்ஏ. டூல் தேய்மானத்தால் விட்டம் மெதுவாக ஏறிக்கொண்டே போவதுதான் இயல்பு என்றால் இந்த இரண்டுமே சும்மா சும்மா கத்தும், முதலில் அந்தச் சாய்வைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சார்ட்டில் வையுங்கள்.

சிக்னல் வந்து, இன்சர்ட்தான் என்று கண்டுபிடித்து, 11 முதல் 19 வரையுள்ள சராசரி 5.3 என்பதால் ஆப்செட்டில் 5 மைக்ரான் குறைத்தாயிற்று. இப்போது மறக்காமல் z-ஐப் பூஜ்யமாக்குங்கள், எட்டு எண்ணிக்கையையும் புதிதாகத் தொடங்குங்கள். விட்டுவிட்டால் 20-ஆவது சாம்பிள் மிகச் சரியாக 20.000 வந்தாலும் z 4.1-இல் இருக்கும், சார்ட் மறுபடி சிக்னல் காட்டும், யாரோ ஒருவர் போய் இன்னொரு 5 மைக்ரான் குறைப்பார்.