பூஞ்சைக் கறையையும் கீறலையும் ஒரே ஃபில்டரில் துடைக்கும் ஸ்டுடியோக்கள்: ஓர் எச்சரிக்கை

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் புதிது போல ஆக்கித் தருவதாகப் பலகை வைத்திருக்கும் ஸ்டுடியோ ஒன்றில், 1958இல் எடுக்கப்பட்ட எங்கள் தாத்தா, பாட்டியின் திருமணக் குழுப் படத்தைக் கொடுத்திருந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அங்கே நடந்த தவறு பல கடைகளில் நடக்கக்கூடியது என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

படத்தில் நான்கு வகைச் சேதம் இருந்தது. கூரை ஒழுகியதில் சட்டத்தின் அடிப்பக்கம் வழியாக நீர் ஏறி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளின் முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறக் கரைக்கோடு ஒன்றை விட்டிருந்தது. இடப்பக்க மேல்மூலையில் பூஞ்சை படர்ந்து பழுப்புப் புள்ளிகளாகத் தெறித்திருந்தது. தாத்தாவின் தோளைக் கடந்து ஒரு நீண்ட கீறல் ஓடியது. இவற்றோடு படம் முழுவதும் வெளிறியும் இருந்தது. ஸ்டுடியோக்காரர் பார்த்தவுடன், “எல்லாம் ஒரே கிளிக்கில் போய்விடும் சார்” என்றார். ஈரப் பஞ்சால் படத்தைத் துடைக்கவும் எடுத்தார். அதை மட்டும் உடனே தடுத்துவிட்டேன். பூஞ்சை, படத்தைத் தாங்கும் ஜெலட்டினையே தின்று வளர்வது. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் நீரில் எளிதில் கரையும் நிலைக்கு வந்துவிடுவதால், ஈரம் பட்டால் கறையோடு படமும் பஞ்சில் வந்துவிடக்கூடும்.

திரும்பக் கிடைத்த கோப்பைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பாட்டியின் மூக்குத்தி காணாமல் போயிருந்தது. அவருடைய புடவைக் கரையில் இருந்த சிறு கட்டங்கள் கரைந்து சாம்பல் பட்டையாகியிருந்தன. கீறல் போயிருந்தது, ஆனால் எதற்காகக் கொடுத்தேனோ அந்த நீர்க்கறை முன்பைவிடக் கருமையாக நின்றது. இது ஏன் நேர்ந்தது என்று விளங்கிக்கொள்வது கடினமல்ல. ஃபோட்டோஷாப்பில் உள்ள Dust & Scratches ஃபில்டர், சுற்றுப்புறத்திலிருந்து வேறுபடும் சிறிய, கூர்மையான பொருளைத் தேடி, அதன் இடத்தில் அக்கம்பக்கத்தின் நடுமதிப்பை நிரப்புகிறது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்த படத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள முகம் ஏறத்தாழ 236 பிக்சல் அகலம் இருக்கும். அதில் மூக்குத்தி ஏழெட்டு பிக்சலுக்கு மேல் வராது. கீறலை அழிக்கும் அளவுக்கு ஃபில்டரின் Radius அளவைக் கூட்டினால் மூக்குத்தியும் அந்தக் கணக்கில் தூசியாகிவிடும். நீர்க்கறையோ மிக அகலமானது. ஆகவே அந்த ஃபில்டருக்கு அது கண்ணிலேயே படாது. போதாததற்கு, வெளிறலைச் சரிசெய்வதாக எண்ணி கான்ட்ராஸ்ட்டை முதலிலேயே ஏற்றியிருக்கிறார்கள். படத்தின் கருமையோடு கறையின் கருமையும் சேர்ந்து ஏறிவிட்டது. பிறகு அதை மறைக்கத் தரைப்பாயின் மேல் பிரஷ்ஷால் சாம்பல் நிறம் பூசியதில் பாயின் கோடுகளும் போய்விட்டன.

இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கோளாறுக்கு அடியில் படம் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். கீறல் என்றால் அந்த இடத்தில் ஜெலட்டினே சுரண்டப்பட்டுவிட்டது; அடியில் எதுவும் இல்லை; பக்கத்திலிருந்து எடுத்து நிரப்புவதைத் தவிர வழியில்லை. நீர்க்கறையும் பூஞ்சையின் பழுப்புப் புள்ளியும் பெரும்பாலும் அப்படி அல்ல. படத்தின் வெள்ளித் துகள்கள் அங்கேயே இருக்க, அவற்றின் மேல் ஒரு நிறம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில், பக்கத்துப் பகுதியை எடுத்து நிரப்பும் ஹீலிங் பிரஷ்ஷைப் போடுவது, இருக்கும் படத்தை அழித்துவிட்டு இல்லாத படத்தை வரைவதாகும்.

ஏறிய நிறத்தை மட்டும் விலக்க ஒரு வழி உண்டு. பழுப்பு நிறம் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவும் உறிஞ்சுகிறது. எனவே கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் அதை வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். நான் மறுபடி ஸ்கேன் செய்த கோப்பில், கறை படாத சுவர்ப் பகுதி, 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு 182, பச்சை 171, நீலம் 149 என்று காட்டியது. அதே சுவரில் பூஞ்சைப் புள்ளிக்குள் சிவப்பு 174, பச்சை 138, நீலம் 84. நீலத்தில் 65 படி இறங்கியிருந்த கறை, சிவப்பில் வெறும் 8 படிதான். மூன்று நிறங்களையும் தனித்தனிச் சானல்களாகக் காட்டும் Channels பகுதியில் சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தபோது, புள்ளிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே மறைந்திருந்தன. கிம்ப் மென்பொருளைப் பயன்படுத்துவோர் Decompose கட்டளையால் இதே சானலைப் பிரித்தெடுக்கலாம்.

அந்தச் சிவப்புச் சானலையே சாம்பல் நிறப் படமாகக் கொண்டு, எஞ்சிய 8 படி வேறுபாட்டை, வெளிச்சத்தைக் கூட்டும் Curves அடுக்கு ஒன்றால், அது எங்கே செயல்பட வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க்கில் கறையின் வடிவத்தை மட்டும் வரைந்து உயர்த்தினேன். கரைக்கோடு கூடுதல் பொறுமை கேட்டது. நீர் காய்ந்து நின்ற விளிம்பில்தான் அழுக்கு முழுவதும் சேர்கிறது என்பதால், கோட்டின் மேல்பக்க ஓரம் கூர்மையாகவும் கீழ்ப்பக்கம் படிப்படியாக மங்கியும் இருக்கும். மாஸ்க்கின் ஓரத்தையும் அதே போலவே வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு மென்மையாக வைத்தால், கறுப்புக் கோட்டுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோடு முளைக்கும். சரியாக அமைந்தபோது பாயின் கோரைகள் ஒவ்வொன்றும் கறைக்குள்ளிருந்து வெளியே வந்தன. இவ்வளவும் முடிந்த பிறகே கீறலை, அதுவும் தனி அடுக்கில், ஹீலிங் பிரஷ்ஷால் நிரப்பினேன். கடைசியாகத்தான் படம் முழுவதன் வெளிறலைச் சரிசெய்தேன். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அந்த ஸ்டுடியோவே காட்டிவிட்டது.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது. சிவப்புச் சானலை 200 சதவீதத்தில் பார்க்கும்போது, சுற்றிலும் இருக்கும் அதே நுண்மணல் போன்ற அமைப்பு புள்ளிக்குள்ளும் தொடர்ந்தால் அடியில் படம் இருக்கிறது. புள்ளி வழவழப்பாகவோ வெள்ளைக் குழியாகவோ தெரிந்தால் அங்கே பூஞ்சை ஜெலட்டினைத் தின்று முடித்துவிட்டது. அதைக் கீறலைப் போலவே நிரப்ப வேண்டும். எங்கள் படத்தில் மூலையில் நின்ற ஒருவரின் காதருகே இத்தகைய குழிகள் சில இருந்தன. வண்ணப் புகைப்படங்களுக்கும் இது பொருந்தாது. அவற்றில் சிவப்புச் சானல் படத்தின் ஒரு சாய அடுக்கை மட்டுமே காட்டும்.

ஸ்டுடியோ எனக்குக் கொடுத்தது கிரேஸ்கேலில் சேமித்த ஒரு ஜேபெக் கோப்பு. சானல்கள் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்ட அந்தக் கோப்பிலிருந்து கறையைத் தனியே பிரிப்பது யாராலும் ஆகாத வேலை. மூலப்படம் என் கையில் திரும்பியதால்தான் மறுபடி தொடங்க முடிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, படம் பழையது, இதற்கு மேல் வராது என்றார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, திருத்தாத வண்ண ஸ்கேனை டிஃப் கோப்பாக, சானலுக்கு 16 பிட் அளவில் தருவார்களா என்றும், கறை, கீறல், வெளிறல் ஆகிய மூன்றும் தனித்தனி அடுக்குகளாக இருக்கும் கோப்பைக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். தயங்கினால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தருவதாக ஒப்புக்கொண்டால், முதல் மாதிரி வந்ததும் முகங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, மூக்குத்தி, பொட்டு, மச்சம், சட்டைப் பொத்தான் ஆகியவற்றை மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.