மாற்றுப் பத்திரமா, கடன்பத்திரமும் கொஞ்சம் பங்குகளுமா?

அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட ஒரு நடுத்தர நிறுவனத்தின் மாற்றுப் பத்திரத்தைப் போன வருடம் என் தரகர் பரிந்துரைத்தார். முகமதிப்பு 1,000 டாலர், விலையும் அதுவே. ஆண்டுக்கு 4 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு முதிர்வு. விரும்பினால் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு 8 பங்குகள் வாங்கிக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு பங்கின் மாற்று விலை 125 டாலர். அன்று பங்கு 100 டாலருக்கு விற்றது. (கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.) "பங்கு ஏறினால் லாபம், இறங்கினால் அசல் திரும்பி வந்துவிடும்" என்றார். நான் அதை வாங்கவில்லை. அதே நிறுவனத்தின் சாதாரண கடன்பத்திரத்தையும் கொஞ்சம் பங்குகளையும் தனித்தனியே வாங்கினேன்.

மாற்றுப் பத்திரத்தை விலை போடும் வழி தெரிந்ததுதான்: அதை இரண்டாக உடைத்துப் பார்ப்பது. ஒரு பாதி, மாற்றும் உரிமையே இல்லாத வெறும் கடன்பத்திரம். மறுபாதி, 8 பங்குகளைத் தலா 125 டாலருக்கு வாங்கும் உரிமை, அதாவது 8 கால் ஆப்ஷன்கள். முதல் பாதியின் மதிப்பைக் கண்டுபிடித்து 1,000-லிருந்து கழித்தால், ஆப்ஷனுக்கு நாம் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது வெளியே வந்துவிடும்.

முதல் பாதிக்கு ஒரே ஒரு கேள்விதான்: ஆண்டுக்கு 40 டாலர், ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,000 டாலர் என்ற இந்த வரவை எந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது? மொத்த முடிவும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

தரகர் கொடுத்த தாளில் 8 சதவீதம் போட்டிருந்தார்கள். அந்த விகிதத்தில் கடன்பத்திரப் பாதி 840 டாலர் வருகிறது. மிச்சம் 160. எட்டால் வகுத்தால் ஒரு ஆப்ஷன் 20 டாலர். அதே தாளில் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரப்படி ஆப்ஷனின் நியாய விலை 25 டாலர் என்றும் இருந்தது. 25 டாலர் பெறுவது 20-க்குக் கிடைக்கிறது, ஆகவே மலிவு என்று முடித்திருந்தார்கள்.

ஆனால் அதே நிறுவனத்தின் சாதாரண கடன்பத்திரம், ஏறக்குறைய அதே முதிர்வு, சந்தையில் 10 சதவீத ஈட்டில், அதாவது ஆண்டுக்கு 10 சதவீத வருமானம் தரும் விலையில், வாங்கக் கிடைத்தது. அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் இன்று கேட்கும் கூலி 10 சதவீதம் என்றால், மாற்றுப் பத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் கடனுக்கு மட்டும் 8 போட எந்த நியாயமும் இல்லை. எக்செலில் ஒரே வரி:

```
=PV(10%,5,-40,-1000)
```

விடை 772.55. மிச்சம் 227 டாலர் சொச்சம். எட்டால் வகுத்தால் ஒரு ஆப்ஷன் 28.43. இப்போது 25 பெறுமானமுள்ளதை 28-க்கு வாங்குகிறோம். ஆப்ஷனைத் தொடவே இல்லை. வட்டி விகிதத்தை இரண்டு புள்ளி நகர்த்தியதிலேயே மலிவு, விலை கூடியதாக மாறிவிட்டது. 12 சதவீதம் போட்டால் பத்திரப் பாதி 712-க்கு இறங்கி, ஒரு ஆப்ஷனின் விலை 36-க்கு ஏறும்.

ஆப்ஷன் பக்கத்தில் எல்லோரும் சண்டை போடுவது பங்கின் ஏற்ற இறக்கத்தைப் பற்றித்தான். ஆண்டுக்கு 30 சதவீதம் என்று வைத்தால், அரசுப் பத்திர வட்டி 4 சதவீதமாக இருக்கும்போது, ஒரு ஆப்ஷன் 25 டாலர். 35 என்றால் ஏறக்குறைய 30, 40 என்றால் ஏறக்குறைய 34. அதையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து ஆண்டுகளில் ஒரு பங்கு எவ்வளவு ஆடும் என்பது யூகம். அந்த நிறுவனத்தின் கடன் இன்று எந்த ஈட்டில் விற்கிறது என்பது திரையில் தெரியும் எண். தெரிந்த எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டு யூகத்தை நுணுக்கமாக அலசுவதில் பயனில்லை. ஆகவே யாராவது இப்படி ஒரு தாளை நீட்டினால் நான் முதலில் தேடுவது அந்த விகிதத்தைத்தான். அதே நிறுவனத்துக்குச் சாதாரண பத்திரம் இல்லையென்றால், அதே தரமதிப்பீடும் அதே முதிர்வும் உள்ள வேறு நிறுவனத்தின் பத்திரத்தைப் பார்க்கலாம்.

இன்னொன்று, இந்தக் கடன்பத்திரப் பாதியைத் "தரை" என்பார்கள். பங்கு எவ்வளவு விழுந்தாலும் பத்திரம் அதற்குக் கீழே போகாது என்ற பொருளில். தரையும் கீழே இறங்கும். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பங்கு 40 டாலருக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது முதிர்வுக்கு மூன்று ஆண்டுகள் மிச்சம். பழைய 10 சதவீதத்தில் கணக்கிட்டால் தரை 851 டாலர். ஆனால் பங்கை அறுபது சதவீதம் இறக்கிய செய்தியைக் கேட்ட பிறகு, அந்த நிறுவனத்துக்கு யார் 10 சதவீதத்தில் கடன் கொடுப்பார்கள்? 18 சதவீதம் கேட்டால் தரை 696. தரை தேவைப்படும் நேரத்தில்தான் அது இறங்குகிறது. இது ஏட்டுக் கவலை அல்ல. காற்றாலை நிறுவனமான சுஸ்லான் எனர்ஜி 2012 அக்டோபரில், வெளிநாட்டு நாணயத்தில் வெளியிட்ட மாற்றுப் பத்திரங்களுக்குத் தர வேண்டிய சுமார் 20.9 கோடி டாலரைத் தர முடியாமல் தவறியது. பங்கு மாற்று விலைக்கு வெகு கீழே கிடந்ததால் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. நிறுவனத்திடம் பணமும் இல்லை. இரண்டு பாதிகளும் ஒரே காரணத்தால் விழுந்தன.

இனி நான் எடுத்த வழி. ஐந்து ஆண்டுக் கால் ஆப்ஷனைத் தனியாக வாங்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். அமெரிக்கச் சந்தையில் நீண்ட கால ஆப்ஷன்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைப்பதில்லை. சிறிய பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். அதனால் அந்தப் பேச்சை விட்டேன்.

அந்த 227 டாலருக்கு ஆப்ஷனுக்குப் பதில் பங்கையே வாங்கினால்? ஒவ்வொரு 1,000 டாலரிலும் 773 டாலரைச் சாதாரண கடன்பத்திரத்தில் போடலாம். முதல் ஆண்டு வட்டி 77 டாலர் வரும். அதில் 40-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை அதே ஈட்டில் மறுபடி போட்டுவந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,000 டாலர் நிற்கும். மாற்றுப் பத்திரத்தின் கடன் பாதி தருவதும் இதையேதான். மீதி 227 டாலருக்கு 2.27 பங்குகள்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் பங்கு 125 டாலரில் நின்றால் மாற்றுப் பத்திரம் தருவது 1,000. என் வழியில் 1,284. பங்கு 60-க்கு விழுந்தும் நிறுவனம் தவறாமல் கடனைக் கட்டினால் 1,000-க்கு எதிரே 1,136. பங்கு 200-க்குப் போனால் மாற்றுப் பத்திரம் 1,600; நான் 1,455-உடன் பின்தங்குவேன். 300 என்றால் 2,400-க்கு எதிரே 1,682, பெரிய தோல்வி. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 175 டாலர். அதாவது பங்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு 12 சதவீத அளவில் ஏறினால்தான் மாற்றுப் பத்திரம் என் வழியை எட்டிப் பிடிக்கும். ஈவுத்தொகை வந்தால் அதுவும் எனக்கு, ஆப்ஷன்காரருக்கு இல்லை.

இதற்கு ஒரு நிஜ உதாரணம் டெஸ்லா. 2014-இல் அது 0.25 சதவீத வட்டியில், ஐந்து ஆண்டு மாற்றுப் பத்திரங்களை விற்றது. மாற்று விலை 359.87 டாலர், அன்றைய பங்கு விலையைவிட 42.5 சதவீதம் அதிகம். 2019 மார்ச் 1-இல் முதிர்ந்தபோது பங்கு அந்த விலையை எட்டவில்லை. நிறுவனம் 92 கோடி டாலரை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தது. பங்கு அந்த ஐந்து ஆண்டுகளில் ஏறத்தான் செய்திருந்தது, ஆனால் முதிர்வு வரை வைத்திருந்தவர்களுக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லை. அதற்கடுத்த ஆண்டு பங்கு பல மடங்கு பாய்ந்தபோது அந்த ஆப்ஷன் உயிரோடு இல்லை. கையில் நாலு பங்கு வைத்திருந்தவருக்குக் காலாவதி தேதி எதுவும் கிடையாது.

மாற்றுப் பத்திரத்தின் பக்கமும் நியாயம் உண்டு, முக்கியமாக வரியில். மேலே போட்ட கணக்கு, வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டத் தேவையில்லாத ஓய்வுக்காலக் கணக்கில் வைத்திருப்பவருக்குப் பொருந்தும். ஆண்டுதோறும் வட்டிக்கு 30 சதவீத வரி கட்டுபவர் என்றால், என் வழியில் கூடுதலாக வரும் வட்டியில் ஒரு பகுதி போய்விடும். கடைசியில் நிற்பது 1,000 அல்ல, 923 டாலர்தான். அப்போது சமமாகும் இடம் 175-லிருந்து 161-க்கு இறங்கும். பங்கை விற்கும்போது வரும் வரியை இதில் சேர்க்கவில்லை. வரி அதிகம் கட்டுபவர் இந்த வித்தியாசத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

இரண்டாக உடைக்கும் கணக்கும் கச்சிதமானதல்ல. மாற்றும்போது நாம் 125 டாலர் ரொக்கம் கட்டுவதில்லை, பத்திரத்தையே விட்டுக்கொடுக்கிறோம். மூன்றாம் ஆண்டு முடிவில் பத்திரப் பாதி 896 டாலர்தான் பெறும் என்றால், உண்மையான மாற்று விலை 112. இது வைத்திருப்பவருக்குச் சாதகம். எதிர்ப்பக்கத்தில், பங்கு மாற்று விலையைவிட 30 சதவீதம் மேலே சில வாரங்கள் நின்றால், முகமதிப்பைக் கொடுத்துப் பத்திரத்தைத் திரும்ப அழைக்கும் உரிமை நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் உண்டு. நம் கணக்கில் அது 162.50. அழைத்தால் மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து ஆண்டு ஆப்ஷன் என்று விலை கொடுத்தது மூன்று ஆண்டில் முடிந்து, கையில் தரையில்லாத 8 பங்குகள் நிற்கும். இந்த இரண்டும் எந்த அளவுக்கு ஒன்றையொன்று சரிக்கட்டும் என்பதை, பங்கு ஏறும், இறங்கும் வழிகளைக் கட்டம் கட்டமாகக் கிளை பிரித்துப் பார்க்கும் மரக்கணக்கு போட்டால்தான் சொல்ல முடியும்; என் தோராயத்தை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திவாலில் எந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு திரும்ப வரும் என்பதிலும் எனக்கு நேரடி அனுபவமில்லை.

அந்த அனுபவக் குறைவுக்காகவே 773 டாலரில் பாதியை, அதே தரமதிப்பீடுள்ள ஆனால் வேறு தொழிலில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பத்திரத்தில் போட்டேன். ஈட்டு கிட்டத்தட்ட அதேதான். பங்கும் கடனும் ஒரே செய்தியில் சேர்ந்து விழும் ஆபத்து பாதியாகிறது. மாற்றுப் பத்திரத்தை இப்படிப் பிரித்துவைக்க முடியாது.

விலை குறைந்தால் என் முடிவும் மாறும். அதே பத்திரம் 930 டாலருக்குக் கிடைத்தால், 10 சதவீதத்திலேயே கணக்கிட்டும் ஒரு ஆப்ஷனுக்கு 20 டாலருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகிறது; சமமாகும் இடம், வரியைச் சேர்க்காமலே, 156-க்கு வந்துவிடும். அந்த விலையில் மாற்றுப் பத்திரத்தையே வாங்குவேன்.