கண்டம், பெருங்கடல், அரைக்கோளம்: கொள்குறி வினாவா, வெற்று வரைபடமா?

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்தில் வினா தயாரிக்க இரண்டு வழிகள்தான் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, நான்கு விடைகள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. மற்றொன்று, பெயர் எழுதாத உலக வரைபடத்தைக் கொடுத்துக் குறிக்கச் சொல்வது. 'சரியா தவறா' வகையும் உண்டு. ஆனால் பத்து வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதினாலே சராசரியாக ஐந்து சரியாகிவிடும், ஆகவே அதை விட்டுவிடலாம்.

கண்டங்களின் பெயர், பெருங்கடல்களின் பெயர் என்றால் கொள்குறி வினாவே போதும். திருத்துவதும் எளிது. அரைக்கோளம் வந்ததும் நிலைமை மாறுகிறது. ஒரே வினாவை இரண்டு வழியிலும் கேட்டுப் பார்ப்போம்.

'நான்கு அரைக்கோளங்களிலும் பரவியிருக்கும் கண்டம் எது?' கொள்குறியில் 'ஆப்பிரிக்கா' என்று மனப்பாடம் செய்தவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இந்த வினாவில் ஓட்டையும் இருக்கிறது. இந்தோனேசியத் தீவுகள் பல நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளன. ரஷ்யாவின் கிழக்கு முனை 180° கோட்டைத் தாண்டி மேற்கு அரைக்கோளத்துக்குள் போகிறது. 'அப்படியென்றால் ஆசியாவும் சரிதானே?' என்று ஒருவர் கேட்டால் மறுக்க முடியாது. 'நிலநடுக்கோடு, முதன்மை தீர்க்கக்கோடு இரண்டும் நிலத்தின் மேல் கடக்கும் கண்டம்' என்று கேட்டால் ஆப்பிரிக்கா மட்டுமே விடை.

இதையே வரைபடத்தில் 'இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டு' என்றால், தவறு எங்கே என்பது கோட்டிலேயே தெரியும். அதிகம் நடப்பது இதுதான்: தாளின் நடுவில் அளந்து நிலநடுக்கோட்டைப் போட்டுவிடுவார்கள். பல வரைபடங்களில் அண்டார்டிகா பகுதி வெட்டப்பட்டிருப்பதால், தாளின் நடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே விழும். கோடு சகாரா பக்கம் ஏறிவிடும். அமேசான் ஆற்றின் முகத்துவாரம், விக்டோரியா ஏரி, சுமத்ராவின் நடுப்பகுதி ஆகிய மூன்றையும் இணைக்கச் சொன்னால் கோடு சரியாக அமையும். முதன்மை தீர்க்கக்கோட்டுக்கு லண்டனும் கானாவும் போதும். 'மேற்கு அரைக்கோளம் என்றால் அமெரிக்கா' என்ற எண்ணமும் அப்போதே உடையும். ஏனெனில் செனகல் கோட்டுக்கு மேற்கே கிடப்பது கண்ணெதிரே தெரியும்.

வரைபடத்துக்கும் குறை உண்டு. பசிபிக் இடது ஓரம், வலது ஓரம் என இரண்டாகப் பிரிந்து நிற்பதால், அதை இரண்டு பெருங்கடலாக எண்ணுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள். ஏழு இடத்துக்கு ஏழு பெயர் கொடுத்தால் கடைசிப் பெயர் இலவசம். கிரீன்லாந்து, ரஷ்யா என்று இரண்டு பொய்ப் பெயர்களைச் சேர்த்து ஒன்பதாக்குவது நல்லது. பரப்பளவை மட்டும் வரைபடத்தை வைத்துக் கேட்கவே கூடாது. மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும், உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது.

ஆகவே எங்கள் பரிந்துரை கலவைதான்: பெயர்களுக்குக் கொள்குறி, கோடுகளுக்கு வரைபடம். ஆறு வினாக்களில் மாதிரி இதோ. ஏழு கண்டங்கள், ஐந்து பெருங்கடல்கள் என்ற கணக்கைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். தென் பெருங்கடலைச் சேர்க்காமல் நான்கு என்று படித்தவர்களும் இருப்பார்கள்.

வினாக்கள்

1. முழுவதும் தென் அரைக்கோளத்தில் உள்ள இரு கண்டங்கள்: அ) ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆ) ஆஸ்திரேலியா, அண்டார்டிகா இ) தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஈ) ஆசியா, ஆஸ்திரேலியா
2. நிலநடுக்கோடு கடக்காத பெருங்கடல்: அ) அட்லாண்டிக் ஆ) இந்திய இ) ஆர்க்டிக் ஈ) பசிபிக்
3. முழுவதும் தென் அரைக்கோளத்தில் உள்ள பெருங்கடல்: அ) பசிபிக் ஆ) தென் இ) இந்திய ஈ) அட்லாண்டிக்
4. வரைபடத்தில் நிலநடுக்கோட்டையும் முதன்மை தீர்க்கக்கோட்டையும் வரைக. இரண்டும் நிலத்தின் மேல் கடக்கும் கண்டம் எது?
5. அந்த இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைக்க. அது எந்தப் பெருங்கடலில் உள்ளது?
6. 10° தெற்கு, 55° மேற்கு: எந்தக் கண்டம்?

விடைக்குறிப்பு

1. ஆ. 'இ' எழுதியவர் தென் அமெரிக்காவின் பெயரைப் பார்த்து ஏமாந்திருப்பார். அதன் வடபகுதி நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ளது.
2. இ.
3. ஆ.
4. ஆப்பிரிக்கா. கோடுகளுக்கு ஒரு மதிப்பெண், பெயருக்கு ஒன்று.
5. அட்லாண்டிக், கினியா வளைகுடாப் பகுதி. புள்ளி ஆப்பிரிக்க நிலத்தில் விழுந்தால் கோடுகளில் ஒன்று நகர்ந்திருக்கிறது.
6. தென் அமெரிக்கா, பிரேசில் பகுதி. மேற்கைக் கிழக்காக எண்ணியவரின் புள்ளி இந்தியப் பெருங்கடலில் விழும்.