கையில் ஒரு லட்சம், மேசையில் இரண்டு பில்: எதை முதலில் கட்டுவது?

பெங்களூரு பீன்யாவில் பட்டறைக் கணக்கு பார்க்கும் நம்மவர்கள் பலரும் பில்களைக் கெடு தேதி வரிசையில் அடுக்கி, மேலே இருப்பதை முதலில் கட்டுகிறார்கள். அந்த வரிசையில் தள்ளுபடியின் கடைசி நாள் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பில் எஃகுக் கம்பி தரும் பெரிய கம்பெனியுடையது. ரூ.1,00,000, கெடு 30 நாள், 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. இன்று பத்தாவது நாள். இரண்டாவது, உத்யம் பதிவுள்ள ஒரு குறு பிளேட்டிங் யூனிட்டின் பில். அதே தொகை, எழுத்து ஒப்பந்தப்படி 45 நாள். இன்றோடு அது முடிகிறது. அடுத்த வரவு 20 நாள் கழித்துத்தான்.

கம்பிக்குக் கட்டினால் 2,000 ரூபாய் மிச்சம். பிளேட்டிங் பில் 20 நாள் தாமதமானால், சட்டப்படி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. பேங்க் ரேட் 5.5 என்று வைத்தால் 16.5 சதவீதம், அதாவது சுமார் 900 ரூபாய். எண்ணை மட்டும் பார்த்தால் கம்பிதான் ஜெயிக்கிறது. ஆனாலும் நான் பிளேட்டிங் பில்லைத்தான் முதலில் கட்டச் சொல்வேன். தள்ளுபடி நமக்குக் கிடைக்கும் சலுகை. 45 நாளுக்குள் பணம் என்பது பிளேட்டிங் யூனிட்டுக்குச் சட்டப்படி சேரவேண்டிய உரிமை. அந்தத் தாமத வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

அப்புறம் கம்பி பில்? ஓவர்டிராஃப்டில் இடமிருந்தால் அதிலிருந்து கட்டலாம். 12 சதவீதத்தில் 98,000 ரூபாய்க்கு 20 நாள் வட்டி 650 ரூபாய்கூட வராது. தள்ளுபடியில் 1,350 ரூபாய் கையில் நிற்கும். ஓவர்டிராஃப்ட் இல்லையென்றால் தள்ளுபடியை விட்டுவிடுவதுதான் சரி.

மார்ச்சில் யோசிக்கவே வேண்டாம். குறு, சிறு நிறுவனத்தின் பில் கெடு தாண்டி, மார்ச் 31 அன்றும் கட்டாமல் கிடந்தால், அந்த முழுத் தொகையும் அந்த ஆண்டின் செலவாக ஏறாது. கட்டிய ஆண்டில்தான் ஏறும். 2023-24 நிதியாண்டிலிருந்து இதுதான் விதி. 30 சதவீத வரி கட்டும் பார்ட்னர்ஷிப்புக்கு இந்த ஒரு பில்லாலேயே அந்த ஆண்டு 30,000 ரூபாய் கூடுதல் வரி. சரக்கை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிகளின் பில்லுக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் உத்யம் சான்றிதழை வாங்கி, உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று பாருங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது தேதியில்தான். தள்ளுபடி நாள் பொதுவாக பில் தேதியிலிருந்து ஓடும். 45 நாள், சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். ஸ்டோரில் சரக்கு வரவுச் சீட்டில் கையெழுத்தாகாமல் பில் ஒரு வாரம் கிடந்தால், மேசைக்கு வரும்போது பத்து நாள் தள்ளுபடியில் மூன்று நாள்தான் மிச்சமிருக்கும். ஆகவே பில் வந்த அன்றே, ஒப்புதலுக்குக் காத்திராமல், தள்ளுபடி நாளையும் கடைசி நாளையும் தனித்தனிக் கட்டத்தில் பதிந்து, இரண்டில் முந்தியதை வைத்து அடுக்குங்கள். ஒப்புதல் தர வேண்டியவருக்கும் அந்தத் தேதியையே சொல்லி அனுப்புங்கள்.