ஆர்டர் புள்ளியை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஓட்டிப் பார்ப்பது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஒரு பொருளின் கையிருப்பு எவ்வளவாகக் குறையும்போது அடுத்த ஆர்டரைப் போடுவது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் ஒரு வரிச் சூத்திரத்தைத் தருகின்றன. கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாக மொத்த வியாபாரத்தில் கொள்முதலைக் கவனிக்கும் நான், சில வருடங்களாக அந்தச் சூத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. நன்றாக ஓடும் பொருள்களுக்கு, தற்செயலாக ஏறி இறங்கும் தேவையை எக்செலில் உருவாக்கி, பத்து வருட வியாபாரத்தைத் தாளில் ஓட்டிப் பார்த்த பிறகே ஆர்டர் புள்ளியை முடிவு செய்கிறேன். இந்த முறை எங்கே உண்மையாகவே உதவியது, எங்கே கைவிட்டது என்பதை ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பொருள் 6205 பேரிங். கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கும்படி எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 10 பேரிங் போகிறது; நாளுக்கு நாள் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 4. வருடத்தில் 300 வேலை நாள்கள். ஆர்டர் போட்டால் சரக்கு வர 6 வேலை நாள்கள் ஆகின்றன. கொள்முதல் விலை 180 ரூபாய். முடங்கும் பணத்தின் வட்டி, இடம், சேதம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20 சதவீதம் என்று வைத்தால், ஒரு பேரிங்கை ஒரு வருடம் வைத்திருக்க 36 ரூபாய் செலவாகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் லாரி வாடகை முதலியவை 240 ரூபாய். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு முறை வாங்க வேண்டிய சிக்கன அளவு 200 என்று வருகிறது. வருடத்துக்கு 15 ஆர்டர்கள். இந்தப் பகுதியில் சர்ச்சை எதுவும் இல்லை. சிக்கல் ஆர்டர் புள்ளியில்தான் இருக்கிறது.

சூத்திரத்தின்படி, 6 நாள் தேவையின் சராசரி 60, அதன் திட்ட விலக்கம் 4-ஐ 6-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வரும் 9.8. ஒரு சரக்கு வரவிலிருந்து அடுத்த வரவு வரை ஒரு சுழற்சி. நூறு சுழற்சிகளில் 95-இல் சரக்கு தீராமல் இருக்க வேண்டுமானால், 60-உடன் 1.645 மடங்கு 9.8-ஐக் கூட்டி, 76-இல் ஆர்டர் போட வேண்டும். சராசரிக்கு மேலே வைக்கும் இந்த 16-தான் பாதுகாப்பு இருப்பு.

இதைச் சோதிக்கும் தாளில் ஒரு வரி என்பது ஒரு நாள். A-யில் நாள், B-யில் தொடக்க இருப்பு, C-யில் வரவு, D-யில் தேவை, E-யில் விற்பனை, F-இல் இறுதி இருப்பு, G-யில் வழியில் இருக்கும் சரக்கு, H-இல் அன்று போடும் ஆர்டர், I-யில் அது வந்து சேரும் நாள். M1-இல் ஆர்டர் புள்ளி, M2-இல் 200, M3-இல் 6. நான்காவது வரியில் தொடக்க நிலையை இட்டு, ஐந்தாவது வரியிலிருந்து கீழே இழுக்க வேண்டிய சூத்திரங்கள் இவை:

```
B5: =F4
C5: =SUMIF(I$4:I4,A5,H$4:H4)
E5: =MIN(D5,B5+C5)
F5: =B5+C5-E5
G5: =G4+H4-C5
H5: =IF(F5+G5<=$M$1,$M$2,0)
I5: =IF(H5>0,A5+$M$3+1,"")
```

H5-இல் கையிருப்பை மட்டும் பார்க்காமல், வழியில் இருக்கும் சரக்கையும் கூட்டிப் பார்ப்பதைக் கவனிக்கவும். G-யை விட்டுவிட்டால், முதல் ஆர்டர் வந்து சேரும் வரை தாள் தினமும் 200 ஆர்டர் போட்டுக்கொண்டே இருக்கும். I5-இல் உள்ள +1 இன்னும் நுட்பமானது. மாலையில் இருப்பைப் பார்த்து ஆர்டர் போட்டு, ஏழாவது நாள் காலையில் சரக்கு இறங்கினால்தான் இடையில் முழுதாக 6 நாள் தேவையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அந்த 1-ஐ விட்டுவிட்டால் 5 நாள் தேவைதான் கணக்கில் வரும். 10 பேரிங் பாதுகாப்பு இருப்பு இலவசமாகக் கிடைத்தது போலத் தாள் பொய் சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. D நிரல் முழுவதும் 10 என்று இட்டு, தொடக்க இருப்பு 260, ஆர்டர் புள்ளி 60 என்று வைத்து ஓட்டுங்கள். இருபதாம் நாள் மாலை இருப்பு 60 ஆகி ஆர்டர் விழ வேண்டும். இருபத்தாறாம் நாள் மாலை இருப்பு சரியாகப் பூஜ்யமாக வேண்டும். மறுநாள் காலை 200 வர வேண்டும். இதில் ஒரு நாள் பிசகினாலும், தற்செயல் எண்களை உள்ளே விடாதீர்கள்.

தேவையை உருவாக்க நான் பயன்படுத்துவது இது:

```
=MAX(0,ROUND(NORM.INV(RAND(),10,4),0))
```

இதை 3000 வரிகளுக்கு இழுத்து, நகலெடுத்து, மதிப்புகளாக மட்டும் D-யில் ஒட்டி உறையவைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், M1-ஐ மாற்றும் ஒவ்வொரு முறையும் RAND புதிய தேவையைத் தரும். 76-க்கும் 83-க்கும் தெரியும் வேறுபாடு ஆர்டர் புள்ளியால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கொள்கைகளும் ஒரே பத்து வருடத்தைச் சந்தித்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். இந்த ஒரு பழக்கம்தான் என் தாள்களை நம்பத்தக்கவை ஆக்கியது என்பேன்.

ஆர்டர் புள்ளியை 76 என்று வைத்து ஓட்டினால், சரக்கு தீராத சுழற்சிகள் 95 சதவீதம் வர வேண்டும். வருவதோ 84 சதவீதத்தை ஒட்டிய எண். முதலில் எல்லோரும் சூத்திரத்தைச் சரிபார்ப்பார்கள். தாளில் பிழை இல்லை. இருப்பு 76-ஐத் தொடும் கணத்தில் ஆர்டர் விழுகிறது என்று பாடநூல் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நாம் மாலையில்தான் பார்க்கிறோம். நேற்று மாலை 79 இருந்தது, இன்று 12 போயிற்று, ஆகவே ஆர்டர் விழும்போது இருப்பு 67. இப்படிப் புள்ளிக்குக் கீழே சரியும் அளவு இந்தத் தேவைக்குச் சராசரியாக 5.3 பேரிங். நாம் திட்டமிட்ட 16 பாதுகாப்பு இருப்பில் மூன்றில் ஒரு பங்கை அது ஆர்டர் விழுவதற்கு முன்பே தின்றுவிடுகிறது. 95 சதவீதத்தை எட்ட ஆர்டர் புள்ளி 83 ஆக வேண்டும். தினசரி விற்பனை சிறு எண்ணாக இருந்து அடிக்கடி இருப்பைப் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு பொருட்டில்லை. வாரம் ஒரு முறை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய ஓட்டை.

எந்தச் சர்வீஸ் லெவலைப் பேசுகிறோம் என்பதும் தாளில் பளிச்சென்று தெரிகிறது. ஆர்டர் புள்ளியை 60-க்கு இறக்கினால், சரக்கு தீராத சுழற்சிகள் 31 சதவீதம்தான். ஆனால் கேட்ட பேரிங்குகளில் 96 சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிடுகிறோம். ஒரு சுழற்சியில் 200 விற்கும்போது கடைசியில் ஏழெட்டு மட்டுமே குறைவதால் இந்த முரண் வருகிறது. இரண்டாவது அளவை E-யின் கூட்டலை D-யின் கூட்டலால் வகுத்தால் கிடைக்கும். முதலாவதற்கு, கடைசி வரவுக்குப் பிறகு சேர்ந்த பற்றாக்குறையை J நிரலில் வைத்துக்கொண்டு, வரவு நாளின் முந்தைய வரியைப் பார்க்க வேண்டும்:

```
J5: =IF(C5>0,0,J4)+D5-E5
=1-COUNTIFS(C5:C3004,">0",J4:J3003,">0")/COUNTIF(C5:C3004,">0")
```

முதலாளியிடம் "96 சதவீதம்" என்று சொல்வதற்கு முன் எது என்று சொல்லிவிடுவது நல்லது.

இனிச் செலவு. கைவிட்டுப் போகும் ஒரு பேரிங்குக்கு 40 ரூபாய் லாபம் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆர்டர் புள்ளி 60-இல் வருடத்துக்கு ஏறக்குறைய 4300 ரூபாய் விற்பனை இழப்பு. 70-க்கு ஏற்றினால், கூடுதலாக வைத்திருக்கும் 10 பேரிங்கின் செலவையும் சேர்த்து மொத்தம் 1700 ஆகக் குறைகிறது. 76-இல் சுமார் 1100, 83-இல் 950, 90-இல் மறுபடி 1100. இந்த வடிவம்தான் நான் ஓட்டிய பொருள்களில் திரும்பத் திரும்ப வந்தது: இடப்பக்கம் செங்குத்து, வலப்பக்கம் ஏறக்குறைய சமவெளி. ஆகவே 83-ஆ 86-ஆ என்று விவாதிப்பது நேர விரயம். 70-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே தாள் தரும் பயனுள்ள செய்தி. பேரிங் இல்லை என்றதும் வாடிக்கையாளர் சீல், ஷாஃப்ட் எல்லாவற்றையும் வேறு கடையில் வாங்கிவிடுவார் என்றால் 40 என்பது 200 ஆகலாம். அப்போது சமவெளி இன்னும் வலப்பக்கம் நகரும். அந்த எண் எவருக்கும் சரியாகத் தெரியாது என்பதால், ஒற்றைச் சிறந்த விடையைக் காட்டாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வீஸையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறேன். எக்செலின் டேட்டா டேபிள் வசதியில் M1-ஐ உள்ளீடாகக் கொடுத்தால் இந்தப் பட்டியல் தானாக நிரம்பும். கணக்கீட்டைக் கைமுறைக்கு மாற்றி F9 அழுத்திப் பயன்படுத்தாவிட்டால், SUMIF மிகுந்த 3000 வரித் தாள் ஒவ்வொரு தட்டுக்கும் திணறும்.

ஏன் 3000 வரிகள் என்று கேட்கலாம். ஒரு வருடம் ஓட்டினால் 15 சுழற்சிகள்தான் கிடைக்கும். உண்மையான அளவு 84 சதவீதமாக இருந்தாலும், 15 சுழற்சிகளில் 70-உம் வரலாம், 100-உம் வரலாம். பத்து வருடத்தில் 150 சுழற்சிகள். அப்போதும் ஆறு புள்ளி மேலே கீழே அசையும். ஆகையால் நான்கைந்து தேவைத் தொடர்களை உறையவைத்து, ஒவ்வொன்றிலும் எல்லாப் புள்ளிகளையும் ஓட்டிச் சராசரி எடுக்கிறேன்.

லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டபின் சரக்கு வர ஆகும் நாள்கள், மாறினால் படம் தலைகீழாகும். சரக்கு 4, 6, 8 நாள்களில் சம வாய்ப்போடு வருவதாக, L நிரலில் உறைந்த எண்களை இட்டு, I5-இல் M3-க்குப் பதிலாக L5-ஐக் காட்டினேன். சராசரி அதே 6. ஆர்டர் புள்ளி 83-இல் இருந்த 95 சதவீதம் 79-க்கு விழுகிறது. மீட்க 98 வரை போக வேண்டும், அதாவது வருடத்துக்கு 540 ரூபாய். சப்ளையரிடம் விலையில் ஒரு ரூபாய் குறைக்கப் பேசுவதோடு, எட்டு நாள் தாமதத்தைத் தவிர்க்கவும் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைகளும் உண்டு. பில்லில் இருப்பது விற்பனை, தேவை அல்ல. சரக்கு இல்லாத நாளில் பில் பூஜ்யம் காட்டும். அந்த நாள்களை நீக்காமல் சராசரி எடுத்தால், பற்றாக்குறையே ஆர்டர் புள்ளியைக் கீழே இழுக்கும். நாள்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளும் கோடையில் பொய்யாகிறது. கிணறு வற்றும் மாதங்களில் அதிகம் போன நாளை அடுத்து இன்னொரு அதிக நாளே வருகிறது. அந்தப் பருவத்துக்குத் தனிச் சராசரி வைத்துத் தனித் தாள் ஓட்டுகிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று மட்டும் போகும் பொருளுக்கு NORM.INV பொருந்தவே பொருந்தாது. ஒரே லாரியில் பத்துப் பொருள்கள் சேர்ந்து வந்து 240 ரூபாயைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு பொருளின் ஆர்டர் மற்றதன் நாளைத் தீர்மானிக்கிறது. அங்கே இந்த ஒற்றைத் தாள் அமைப்பு உடைந்துபோகிறது. அத்தகைய கூட்டு ஆர்டர்களுக்கு இதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, கணினி நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டோம்.