ஓர் அணை, ஓர் இரவு, மூன்று கதை வரைபடங்கள்

முதலில் கதை. மழை கொட்டும் இரவு. ஆட்டக்காரர் ஓர் அணையின் உதவிப் பொறியாளர். பாலம் மூழ்கியதால் மேலதிகாரி வர முடியவில்லை. நீர்வரத்து ஏறிக்கொண்டே போகிறது. ஷட்டரை இப்போதே கொஞ்சம் திறந்தால் கீழே இருக்கும் ஊரின் வயல்கள் மூழ்கும். பொறுத்துப் பார்த்தால், பிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டி வரலாம். அப்போது வீடுகளே போகும். கையில் இருப்பது ஒரே ஒரு ஜீப். இரவு 11 மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடியும் இந்தக் கதையை, எழுத்திலேயே விளையாடும் ஒரு சின்ன கேமாகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுத ஒருவர், நிரல் எழுத ஒருவர்.

இதைத் திட்டமிட மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் கதை ஒன்றுதான். எழுத வேண்டிய அளவும் ஆட்டக்காரர் உணரும் கனமும்தான் வெகுவாக மாறுகின்றன.

முழு மரம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு தேர்வும் கதையை இரண்டாகப் பிளக்கும், பிளந்தவை மறுபடி சேராது. எட்வர்ட் பேக்கார்டு 1979இல் எழுதிய ‘தி கேவ் ஆஃப் டைம்’ என்ற நூல் ஏறக்குறைய இந்த அமைப்புதான். இந்த வடிவத்துக்கே ‘டைம் கேவ்’ என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். தலா இரண்டு வழிகள் உள்ள நான்கு தேர்வுகள் என்றால் 1, 2, 4, 8, 16 என்று மொத்தம் 31 துண்டுகள், 16 முடிவுகள். எழுதிவிடலாம். அதையே பத்துத் தேர்வுகளாக நீட்டினால் 2,047 துண்டுகள். துண்டுக்கு 150 சொல் என்றாலும் மூன்று லட்சம் சொற்களைத் தாண்டும். அதில் ஆட்டக்காரர் ஒரு முறை விளையாடும்போது படிப்பது 11 துண்டுகள், அதாவது 1,650 சொற்கள். மற்றதெல்லாம் அவர் கண்ணில் படாமலே கிடக்கும்.

வேலைப்பளு மட்டுமே சிக்கல் இல்லை. மரத்தில் ஒவ்வொரு பாதையும் குட்டையாகிவிடும். ஐந்து துண்டுகளில் நம் பொறியாளருக்கும் அணையின் காவலாளிக்கும் இடையே ஒரு உறவு வளர இடமே இருக்காது. ஆனால் பத்து நிமிடத்தில் முடிகிற, திரும்பத் திரும்ப விளையாடத் தூண்டுகிற கேமுக்கு மரம்தான் சரி. அங்கே ‘இப்படிச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்’ என்பதே சுவை. நம் அணைக் கதைக்கு அது ஒத்துவராது.

பிரிந்து சேர்வது

இரண்டாவது வழியில் தேர்வுகள் கதையைப் பிரிக்கும், ஆனால் சற்று தூரத்தில் ஒரு பொதுக் காட்சியில் மறுபடி சேர்த்துவிடும். எந்த வழியாக வந்தோம் என்பதைக் கதை வேரியபிள்களில் நினைவு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேர்வுக்கும் தேர்வை முன்வைக்கும் துண்டு ஒன்று, விளைவு சொல்லும் துண்டுகள் இரண்டு. பத்துத் தேர்வுகளுக்கு 30, முடிவுக்கு ஒன்று, ஆக 31 துண்டுகள். மரத்தில் நான்கே தேர்வுகளுக்கு ஆன அதே செலவு! இங்கே ஆட்டக்காரர் 21 துண்டுகளைப் படிக்கிறார்.

இங்க்கிள் நிறுவனத்தின் ink மொழி இந்த அமைப்புக்கென்றே செய்தது போல இருக்கும். ஜீப் காட்சியை அதில் எழுதினால்:

```
VAR jeep_sent = false

காவலாளி சாவியை நீட்டுகிறார்.
* [ஜீப்பை ஊருக்கு அனுப்பு]
  ~ jeep_sent = true
  பின்விளக்கு மழையில் மறைகிறது.
* [இங்கேயே இருக்கட்டும்]
  சாவியை அவர் ஆணியில் மாட்டுகிறார்.
- மணி இரண்டு. நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தொட்டது.
{jeep_sent: கீழே சில வீடுகளில் விளக்கு எரிகிறது.|கீழே ஊர் இருட்டாகக் கிடக்கிறது.}
```

அந்த ஒற்றைக் கோடு போட்ட வரிதான் சேருமிடம். நட்சத்திரம் போட்ட எந்த வழியில் போனாலும் அங்கே வந்துவிடுவோம்.

இந்த வழி சொதப்புவதும் அந்த இடத்தில்தான். டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ (2012) கேம் இதற்கு நல்ல உதாரணம். முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். காப்பாற்றியவர் யாராக இருந்தாலும் மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துவிடுவார். எழுதுகிறவர் பக்கம் நின்றால் புரிகிறது: அவரை உயிரோடு வைத்திருந்தால் மீதி எல்லாக் காட்சிகளையும் இரண்டு முறை எழுத வேண்டும். ஆனால் இரண்டாம் முறை விளையாடியவருக்குத் தையல் தெரிந்துவிடும்.

தையல் தெரியாமல் சேர்ப்பது எப்படி? சேருமிடமாக எதை வைக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஆட்டக்காரர் தடுத்திருக்கவே முடியாத ஒன்றாக அது இருக்க வேண்டும். இரண்டு மணிக்கு நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தொடுவதை யாரும் சூழ்ச்சி என்று நினைக்க மாட்டார்கள். மேலே மழை பெய்தது, தண்ணீர் வந்தது. அதற்குப் பதிலாக, ஆட்டக்காரர் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் காவலாளி ஏதோ ஒரு சாக்குச் சொல்லி இரண்டு மணிக் காட்சியில் வந்து நின்றால், தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று உடனே புரிந்துகொள்வார். மழை, விடியல், மின்வெட்டு, கலெக்டரின் தொலைபேசி போன்றவை நல்ல சேருமிடங்கள். ஒரு பாத்திரம் மனம் மாறுவது மோசமான சேருமிடம்.

மீதிப் பாதி, நினைவில் வைத்ததை எப்போது திருப்பிக் கொடுக்கிறோம் என்பது. ஜீப்பை அனுப்பியதற்கு அடுத்த வரியிலேயே சின்ன எதிரொலி வேண்டும்: பின்விளக்கு மறைகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று: ஊரில் விளக்கு எரிகிறது. கடைசியாக, வெகு தள்ளி, ஒரு கதவு மூட வேண்டும்: நான்கு மணிக்கு ஷட்டரின் மோட்டார் நின்றுபோகிறது, மெக்கானிக்கை அழைத்து வர ஜீப் இல்லை, கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் தேர்வுக்குக் கனம் தருகிறது. இதற்குப் புதுக் கிளை எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எப்படியும் வரப்போகிற காட்சியில் ஒரு வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முன்வாசல் வழியாக விரட்டிய பெருக்கம் வேரியபிள் வழியாகக் கொல்லைப்புறம் நுழையும். ஆம்/இல்லை என்று பத்து வேரியபிள்கள் வைத்தால் 1,024 சேர்க்கைகள். பத்துத் தேர்வு மரத்தின் கடைசி வரிசையில் வரும் முடிவுகளின் அதே எண்ணிக்கை. ஒரே பத்தியில் ஜீப், காவலாளி, மின்சாரம் என்று மூன்றையும் சோதித்தால் அந்தப் பத்திக்கு எட்டு வடிவங்கள், அவற்றில் ஏதாவது ஒன்றில் வாக்கியம் கோணலாகத்தான் வரும். அதனால் ஒரு பத்தி ஒரே ஒரு வேரியபிளைத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயமாக வைத்துக்கொள்வது நல்லது. கதை முழுவதிலும் இரண்டு இடத்திலாவது பயன்படாத வேரியபிளை வெட்டிவிடலாம். காவலாளியிடம் நடந்துகொண்ட விதம் குறித்த நான்கு ஆம்/இல்லைகளை ‘நம்பிக்கை’ என்ற ஒரே எண்ணாகத் திரட்டி, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலையில் மட்டும் சோதித்தால், 16 சேர்க்கைகள் மூன்றாகிவிடும்.

ஸ்டோரிலெட்

மூன்றாவது வழியில் கிளைகளே வரைவதில்லை. கதையை ஸ்டோரிலெட் எனப்படும் தனித்தனிச் சம்பவங்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எப்போது வரலாம் என்று ஒரு நிபந்தனையும் முடிந்ததும் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு விளைவும் எழுதி, பொதுக் குவியலில் போட்டுவிடுவது. அந்த நேரத்தில் நிபந்தனை பொருந்துகிறவற்றிலிருந்து கேம் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், அல்லது ஆட்டக்காரரே எடுப்பார். 2009 முதல் இயங்கும் ‘ஃபாலன் லண்டன்’ என்ற கேம் இந்த முறையில் வளர்ந்ததுதான்.

நம் இரவில்: ஜீப் இன்னும் வாசலில் இருந்தால் ஊர்க்காரர் ஒருவர் பிரசவ வலியில் இருக்கும் மகளுக்காக அதைக் கேட்டு வரலாம். நம்பிக்கை அதிகமாக இருந்தால் காவலாளி பழைய வெள்ளம் ஒன்றைப் பற்றிப் பேசலாம். ஒன்றை எழுதுவதால் மற்றொன்று கலைவதில்லை. கேம் வெளியான பிறகும் புதிதாகச் சேர்க்கலாம். முதல் இரண்டு முறையிலும் இது பெரிய தலைவலி.

ஆனால் குவியலுக்கு முதுகெலும்பு கிடையாது. எது முன்னால் வரும் என்று தெரியாததால் எந்தச் சம்பவமும் மற்றொன்றைத் தாங்கிப் பேச முடியாது, பதற்றம் படிப்படியாக ஏறாது. இன்னொரு ஆபத்து, வறண்டுபோவது: நம்பிக்கை குறைவு, ஜீப் போய்விட்டது, மின்சாரமும் இல்லை என்ற நிலையில் பொருந்தும் சம்பவம் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எந்த நிலையிலும் குறைந்தது மூன்று சம்பவங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, நிபந்தனையே இல்லாத சிலவற்றைக் கையிருப்பாக எழுதி வைக்க வேண்டும்.

அணைக்கு எது?

நான் எடுப்பது இரண்டாவதை எலும்பாக, மூன்றாவதைச் சதையாக. 11 மணிப் பணி மாற்றம், இரண்டு மணிச் சிவப்புக் கோடு, நான்கு மணி மோட்டார், விடியல் ஆகிய நான்கும் அசையாத காட்சிகள். அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் குவியலிலிருந்து மூன்று மூன்று சம்பவங்கள். மரம் கடைசியில் மட்டும்: விடியலுக்குப் பிறகு சேர வேண்டிய கட்டாயம் இல்லாததால், முடிவுகளை உண்மையாகவே பிரித்து நான்கோ ஐந்தோ எழுதலாம். பல மணி நேரம் ஓடுகிற, தொடர்ந்து புதுப்பிக்கிற கேம் என்றால் நான் குவியலை முதன்மையாக வைத்திருப்பேன். ஒரே இரவில் முடிகிற கதைக்கு அது வேண்டாம்.

எழுதும் வரிசையும் இதையொட்டியே வரும். முதலில் நான்கு அசையாத காட்சிகள், அடுத்து முடிவுகள், அப்புறம் அந்த முடிவுகளைத் தீர்மானிக்கப் போதுமான வேரியபிள்கள் மட்டும், கடைசியாகச் சம்பவங்கள். சம்பவங்களில் தொடங்கினால் வேரியபிள்கள் கண்டபடி முளைக்கும்.

சோதிக்கும்போது கையால் விளையாடுவது போதாது. நாம் எப்போதும் நமக்குப் பிடித்த வழியில்தான் போவோம். கணினியே குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து ஆயிரக்கணக்கான முறை ஓடட்டும். இதுபோன்ற கேம்களை எழுத உதவும் இன்னொரு மொழியான சாய்ஸ்ஸ்கிரிப்டில் இதற்கு Randomtest என்ற கருவி உடனே கிடைக்கிறது. எந்த வரியை எத்தனை முறை தொட்டது என்று எண்ணிச் சொல்லும். ink என்றால் சின்னதாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம். பூஜ்யம் என்று வருகிற வரி எட்டவே முடியாத வரியாக இருக்கலாம், அப்படியானால் பெரும்பாலும் நிபந்தனை பிழையாக இருக்கும். முடிவுகளில் ஒன்று பத்தாயிரம் ஓட்டத்தில் நாலைந்து முறைதான் வந்தது என்றால் அதற்கு இன்னொரு வழி திறக்க வேண்டும், இல்லையென்றால் அந்த முடிவை எழுதும் நேரத்தை மோட்டார் காட்சிக்குக் கொடுத்துவிடலாம்.